வட்டியைக் குறைக்க தைரியம் போதுமா? சாம்பியாவைக் கேளுங்கள்

பொருளாதாரம் எழுதுகிற நம் பதிவர்கள் பலரிடம் ஒரு சூத்திரம் இருக்கிறது. ஒரு நாட்டின் ஏற்றுமதிச் சரக்கு விலை விழுந்ததா, வளர்ச்சி படுக்கும். வளர்ச்சி படுத்ததா, மத்திய வங்கி வட்டியைக் குறைக்கணும். நாணயம் விழுதா? ரொம்ப நல்லது, ஏற்றுமதி தானா ஏறும். இத்தனைக்கும் பிறகு ஒரு மத்திய வங்கி வட்டியை ஏற்றினால், அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் முட்டாள்கள், இல்லாவிட்டால் கந்துவட்டிக்காரர்களின் கைக்கூலிகள். போன வாரம் ஒரு நண்பரின் பதிவில் இதையே படித்தேன். கீழே இருபது பின்னூட்டம், இருபதும் "சூப்பர்", "சரியாச் சொன்னீங்க தல". நானும் அங்கேயே ஒன்று போட நினைத்தேன். அடிக்க ஆரம்பித்தால் நாலு பக்கம் வந்துவிட்டது. சரி, தனிப்பதிவாகவே போட்டுவிடலாம் என்று இங்கே வந்துவிட்டேன்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சண்டை போடலாம். சரக்கு விலை விழும்போது வட்டியைக் குறைக்க முடியுமா முடியாதா என்பது மத்திய வங்கி கவர்னரின் தைரியத்தைப் பொறுத்ததில்லை. அந்த ஊர்க் கடையில் எத்தனை சாமானுக்கு டாலர் விலை ஒளிந்திருக்கிறது, அந்த அரசாங்கம் எவ்வளவு கடனை டாலரில் வாங்கி வைத்திருக்கிறது, உள்ளூர் ஆள் தன் சேமிப்பை எந்த நாணயத்தில் வைக்க நினைக்கிறான், இந்த மூன்றையும் பொறுத்தது. மூன்றும் எதிராக இருந்தால் வட்டிக் குறைப்பு என்கிற மருந்தே அலமாரியில் இருக்காது.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் நாடு சாம்பியா, வருஷம் 2015. ஏன் சாம்பியா? ஏனென்றால் அங்கே கதை சுத்தமாகத் தெரியும். ஏற்றுமதி வருமானத்தில் முக்கால்வாசிக்குக் கிட்டத்தட்ட ஒரே பொருள், செம்பு. (நம்ம தூத்துக்குடி செம்பு ஆலைக்காரர்களான வேதாந்தாவுக்கு அங்கேயும் கொங்கோலா என்ற பெரிய சுரங்கம் இருக்கிறது. அது தனிக்கதை, அதில் இறங்கினால் இந்தப் பதிவு முடியாது.)

2011இல் செம்பு விலை டன்னுக்குச் சராசரியாக 8,800 டாலர். 2014இல் 6,900க்குப் பக்கம். 2015இல் சராசரி 5,500. 2016 ஜனவரியில் 4,500க்கும் கீழே போனது. காரணம் சாம்பியாவில் இல்லை, சீனாவில் இருந்தது. உலகச் செம்பில் ஏறக்குறைய பாதியை வாங்கும் நாடு அது. அங்கே கட்டுமானம் தளர்ந்தால் லுசாகாவில் தக்காளி விலை ஏறும். எப்படி என்று பார்ப்போம்.

செம்பை விற்கும் சுரங்கக் கம்பெனிக்கு டாலர் வருகிறது. அதில் பெரும்பகுதி நாட்டுக்குள் வந்து குவாச்சாவாக (அதுதான் அவங்க நாணயம்) மாறுவதில்லை. இயந்திரம் வாங்கியது, கடன் வட்டி, கப்பல் கூலி எல்லாம் டாலரிலேயே வெளியே போகும். உள்ளூர்ச் சம்பளம், வரி, உள்ளூர் ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுப்பது, இதுக்குத் தேவையான அளவு டாலரைத்தான் உள்ளூர் வங்கியில் விற்பார்கள். இந்த விற்பனைதான் குவாச்சா சந்தைக்கு டாலர் வந்துசேரும் முக்கிய வாய்க்கால். வாய்க்கால் சின்னது. அதில் கொஞ்சம் தண்ணீர் குறைந்தாலும் கடைமடை காய்ந்துவிடும்.

செம்பு விலை விழுந்தால் முதலில் காணாமல் போவது லாபம். லாபம் போனால் லாபத்தின் மேலான வரி போகும். வரி கட்டுவதற்காக விற்ற டாலர் நிற்கும். சரி, சம்பளத்துக்காக விற்பதாவது தொடருமே என்று கேட்கலாம். இங்கேதான் நம் நண்பரின் சூத்திரத்தில் இல்லாத ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஒரு சுரங்கத்தின் மாதச் சம்பளப் பட்டுவாடா 6.4 கோடி குவாச்சா என்று வைத்துக்கொள்ளுங்கள் (கணக்குக்காக நான் போட்ட எண்). 2014 கடைசியில் ஒரு டாலர் சுமார் 6.4 குவாச்சா. அப்போது சம்பளம் போட ஒரு கோடி டாலரை விற்கணும். குவாச்சா 12க்கு இறங்கிவிட்டால்? 53 லட்சம் டாலர் விற்றால் போதும். அதே சம்பளம், அதே ஆட்கள், ஆனால் சந்தைக்கு வரும் டாலர் பாதிக்குப் பக்கமாகக் குறைந்துவிட்டது. நாணயம் விழுந்தால் டாலர் வரத்து கூடும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. இங்கே நாணயம் விழ விழ, கொஞ்ச காலத்துக்காவது, வரத்து சுருங்குகிறது. அதுக்கு மேல, நாளைக்கு இன்னும் விழும் என்று தெரிந்தால் எந்தக் கம்பெனி பொருளாளர் இன்றைக்கு டாலரை விற்பார்? சம்பள நாள் வரை இழுத்தடிப்பார். அந்தப் பக்கம் இறக்குமதிக்காரர் அடுத்த மாதம் வாங்கவேண்டிய டாலரை இன்றைக்கே வாங்க ஓடுவார். விற்பவன் ஒளிகிறான், வாங்குபவன் முந்துகிறான். இதில் ஊக வணிகர் சதி எல்லாம் தேவையே இல்லை. அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்தாலே போதும், விலை சரிந்துவிடும்.

2015 செப்டம்பரில் அதுதான் நடந்தது. கிளென்கோர் கம்பெனி தன் மொபானி சுரங்கத்தில் உற்பத்தியை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. மூடிஸ் நாட்டின் கடன் தரத்தை இறக்கியது. அதற்கடுத்த திங்கள்கிழமை, செப்டம்பர் 28, ஒரே நாளில் குவாச்சா 15 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. வருடத் தொடக்கத்தில் 6.4 இருந்த டாலர் 12ஐத் தாண்டியது. ஜனாதிபதி எட்கர் லுங்கு அக்டோபர் 18ஐ தேசியப் பிரார்த்தனை நாளாக அறிவித்தார். நாடே உபவாசம் இருந்து பிரார்த்தித்தது. கிண்டலுக்காக இதைச் சொல்லவில்லை. கையில் வேறு கருவி இல்லாத நிலைமை எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. நவம்பரில் டாலர் 14 குவாச்சாவையும் தாண்டியது.

இப்ப கடைக்கு வருவோம். சாம்பியாவுக்குப் பெட்ரோலியம் முழுக்க இறக்குமதி, தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்திலிருந்து குழாயில் வரவேண்டும். உரம் இறக்குமதி. மருந்து, உதிரிபாகம், சமையல் எண்ணெயில் பெரும்பகுதி, எல்லாம் இறக்குமதி. மக்காச்சோளக் களிதான் அங்கே சோறு, ந்ஷீமா என்பார்கள். மக்காச்சோளம் உள்ளூரில் விளைவதுதான். ஆனால் அதற்குப் போடும் உரத்துக்கும், அதை ஏற்றிவரும் லாரியின் டீசலுக்கும் டாலர் விலை. இதற்கு நடுவே அந்த வருஷம் மழையும் பொய்த்தது. கரிபா அணையில் தண்ணீர் இறங்கி, நாளுக்கு எட்டு மணி நேரம் வரை மின்வெட்டு. மாவு மில்லுக்கு ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல், டீசலுக்கு டாலர்.

விளைவு என்ன? செப்டம்பரில் 7.7 சதவீதமாக இருந்த ஆண்டுப் பணவீக்கம் அக்டோபரில் 14.3. நவம்பரில் 19.5. டிசம்பரில் 21.1. இந்த எண்கள் ஆண்டுக்கணக்கு என்பதால் பயங்கரம் முழுசாகத் தெரியாது. ஆண்டுப் பணவீக்கம் ஒரே மாதத்தில் 7.7இலிருந்து 14.3க்குத் தாவணும் என்றால், அந்த ஒரு மாதத்தில் மட்டும் விலைவாசி 6 சதவீதத்துக்குக் குறையாமல் ஏறியிருக்க வேண்டும். சாதாரண நாட்களில் முக்கால் வருஷத்தில் ஏறவேண்டியது முப்பது நாளில் ஏறிவிட்டது. செப்டம்பர் சம்பளத்தை வைத்து அக்டோபர் மளிகை வாங்கப் போனவருக்கு அது புரிந்திருக்கும்.

அப்போது கொள்கை வட்டி 12.5 சதவீதம். செப்டம்பர் வரைக்கும் அது பணவீக்கத்தைவிட ஐந்து புள்ளி மேலே இருந்தது. அக்டோபர் எண் வந்த அன்றே கீழே போய்விட்டது. மத்திய வங்கி ஒரு விரலைக்கூட அசைக்காமலே, உண்மை வட்டி ஏழு புள்ளி குறைந்துவிட்டது! வட்டியைக் குறைக்கச் சொல்பவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இதுதான். சும்மா இருந்தாலே பெரிய வட்டிக் குறைப்பு நடந்து முடிந்துவிட்ட நேரம் அது. அதுக்கு மேல இன்னும் குறைக்கணும்னு கேக்கறீங்க.

குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? லுசாகாவில் ஒருவரிடம் ஒரு லட்சம் குவாச்சா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டாலர் 10 குவாச்சா. அவருக்கு இரண்டு வழி. குவாச்சாவிலேயே 12.5 சதவீதத்துக்குப் போட்டால் வருஷக் கடைசியில் 1,12,500. இல்லாவிட்டால் இன்றைக்கே 10,000 டாலர் வாங்கிப் பெட்டியில் பூட்டலாம், வட்டி இல்லை. வருஷக் கடைசியில் டாலர் 11.25க்குள் இருந்தால் முதல் வழி லாபம். அதைத் தாண்டினால் பெட்டியில் பூட்டியவர் ஜெயித்தார். மத்திய வங்கி வட்டியை 10 சதவீதமாகக் குறைத்தால் அந்தக் கோடு 11 ஆகிறது. 15.5 ஆக ஏற்றினால் 11.55 ஆகிறது.

"பாத்தீங்களா, 11க்கும் 11.55க்கும் என்ன பெரிய வித்தியாசம், நாணயமோ பாதி மதிப்பை இழந்துடுச்சு" என்று நண்பர் கேட்பார். நியாயமான கேள்வி. கணக்கு வட்டியால் மட்டும் யாரையும் பிடித்து வைக்க முடியாதுதான். ஆனால் அந்த ஆள் 11.25 என்ற கோட்டை மட்டும் பார்ப்பதில்லை, வருஷக் கடைசியில் டாலர் எங்கே நிற்கும் என்ற தன் ஊகத்தையும் பார்க்கிறார். விலைவாசி மாதத்துக்கு 6 சதவீதம் ஏறும்போது மத்திய வங்கி வட்டியைக் குறைத்தால் அவர் என்ன நினைப்பார்? "இவங்களுக்கு விலைவாசியைப் பத்திக் கவலையில்லை, இன்னும் குவாச்சா அடிச்சு விடப்போறாங்க." அவருடைய ஊகம் 12இலிருந்து 16க்குப் போகும். வட்டிக் குறைப்பால் நஷ்டம் கால் குவாச்சா, ஊகம் மாறியதால் நஷ்டம் நாலு குவாச்சா. குறைப்பு ஆபத்தாவது இரண்டாவது கணக்கில்தான்.

சாம்பியா மத்திய வங்கி 2015 நவம்பர் 3 அன்று கொள்கை வட்டியை 12.5இலிருந்து 15.5க்கு ஏற்றியது. இதில்கூட 15.5 என்ற எண் முக்கியமில்லை என்பேன். பணவீக்கம் 20ஐத் தொடும்போது 15.5 பெரிய வட்டியா என்ன? உண்மையான பிடி வேறு இடத்தில் விழுந்தது. அந்த வருஷமே வங்கிகளின் கட்டாய இருப்பு விகிதத்தை 14இலிருந்து 18 சதவீதமாக ஏற்றியிருந்தார்கள். வங்கி 100 குவாச்சா வைப்பு வாங்கினால் 18ஐ மத்திய வங்கியில் கட்டிவிட வேண்டும். நவம்பரில் மத்திய வங்கியிடம் ஓவர்நைட் கடன் வாங்கும் வழியையும் இறுக்கினார்கள். வங்கிகளிடம் குவாச்சா கைக்குக் கிடைப்பதே அரிதானது. குவாச்சா இல்லாதவன் எதை வைத்து டாலர் வாங்குவான்? டாலர் கையில் வைத்திருந்தவனும், சம்பளம் போடக் குவாச்சா கடன் கிடைக்காமல், டாலரை விற்கத்தான் வேண்டியிருந்தது. நவம்பர் நடுவில் 14க்கு மேல் இருந்த டாலர் வருஷக் கடைசியில் 11க்குப் பக்கம் வந்து நின்றது. (பிரார்த்தனை பலித்தது என்று சொல்பவர்களும் உண்டு. நான் அந்தக் கும்மிக்கு வரலை.)

இந்த வைத்தியம் வலிக்கவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். அரசாங்கக் கடன் பத்திரங்களின் வட்டி 20 சதவீதத்துக்கு மேல் போனது. சின்ன வியாபாரிக்குக் கடன் கிடைக்கவில்லை, வாங்கியவர்கள் திருப்பிக் கட்ட முடியவில்லை. 2014இல் 4.7 சதவீதமாக இருந்த வளர்ச்சி 2015இல் 2.9க்கு இறங்கியது. காப்பர்பெல்ட் மாகாணத்தில் ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். வட்டியை ஏற்றியதால் செம்பு விலை ஒரு டாலர்கூட ஏறவில்லை. எல்லாம் உண்மை. நண்பர் இந்த வலியைப் பற்றி எழுதுவதில் எனக்குச் சண்டையில்லை. குறைத்திருந்தால் இந்த வலி இருந்திருக்காது என்கிறாரே, அங்கேதான் சண்டை.

அடுத்து அந்த "நாணயம் விழுந்தா ஏற்றுமதிக்கு நல்லது" பல்லவி. திருப்பூர் பனியனுக்கு இது ஓரளவு பொருந்தும். ரூபாய் இறங்கினால் டாலரில் விலையைக் கொஞ்சம் குறைத்து, பங்களாதேஷ்காரரிடம் போகவிருந்த ஆர்டரை இழுக்கலாம். தையல் மிஷின் பத்து கூடுதலாகப் போடலாம். செம்புக்கு அப்படிச் செய்ய முடியாது. அதன் விலை லண்டன் உலோகச் சந்தையில் டாலரில் தீர்மானமாகிறது. சாம்பியாக்காரன் விலையைக் குறைத்து யாரிடமிருந்தும் ஆர்டர் பிடிக்க வேண்டியதில்லை, எடுத்ததெல்லாம் சந்தை விலைக்கு விற்கும். நாணயம் விழுந்ததால் கிடைக்கும் ஒரே ஆதாயம், சம்பளச் செலவு டாலரில் குறைவது. அது இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஆழமான பழைய சுரங்கங்களில் ஒரு டன் எடுக்கும் செலவே விற்பனை விலையைத் தாண்டிவிட்ட நேரம் அது. சம்பளத்தில் மிச்சம் பிடித்தும் மொபானி நின்றது நின்றதுதான். புதுசாக ஒரு சுரங்கக் குழி தோண்ட வருஷக்கணக்கில் ஆகும். அக்டோபரில் நாணயம் விழுந்ததற்காக நவம்பரில் யாரும் தோண்டமாட்டார்கள். ஏற்றுமதி அளவு கூடாமல் விலை மட்டும் விழுந்தால், நாணயச் சரிவு என்பது நாட்டு மக்கள் எல்லாரும் சேர்ந்து சம்பளத்தைக் குறைத்துக்கொள்வதற்கு இன்னொரு பேர். சில சமயம் அது தவிர்க்க முடியாதது. ஆனா அதைப் பரிசு மாதிரி சொல்லாதீங்க, ப்ளீஸ்.

கடன் விஷயத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன், ஏனென்றால் எனக்கு உண்மையில் கோபம் வருவது இங்கேதான். செம்பு நல்ல விலைக்குப் போன 2012 செப்டம்பரில் சாம்பியா முதல்முறையாகச் சர்வதேசச் சந்தையில் 75 கோடி டாலர் கடன் பத்திரம் விற்றது. முதலீட்டாளர்கள் முண்டியடித்தார்கள். ஸ்பெயின் கொடுப்பதைவிடக் குறைந்த வட்டி என்று பத்திரிகைகள் கொண்டாடின. 2014இல் இன்னொரு 100 கோடி. 2015 ஜூலையில், செம்பு ஏற்கனவே சரிந்துகொண்டிருந்தபோது, இன்னொரு 125 கோடி. கூப்பன் வட்டி முறையே 5.375, 8.5, 8.97 சதவீதம். கூட்டிப் பாருங்கள், அசலை விடுங்கள், வட்டி மட்டும் வருஷத்துக்குச் சுமார் 23.7 கோடி டாலர். டாலர் 6.4 குவாச்சாவாக இருந்தால் அது 152 கோடி குவாச்சா. டாலர் 12 ஆனால் 285 கோடி குவாச்சா. ஒரு பைசா புதுக்கடன் வாங்காமலே வட்டிச் சுமை கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதே நேரத்தில் செம்பு வரி வருமானம் இறங்குகிறது.

இந்த நிலைமையில் மத்திய வங்கி வட்டியைக் குறைத்து, அதனால் குவாச்சா இன்னொரு குவாச்சா விழுந்தால், அரசாங்கத்தின் டாலர் வட்டி இன்னொரு 24 கோடி குவாச்சா கூடும். அந்தப் பணத்தை உள்நாட்டில் கடன் வாங்கித்தான் கட்டணும், உள்நாட்டு வட்டி ஏறும். அதாவது வட்டியைக் குறைக்கப் போய் வேறொரு வாசல் வழியாக வட்டி ஏறுகிறது. 2015 நவம்பரில் குறைக்க முடியாமல் போனதற்குக் காரணம் 2012இலும் 2014இலும் போட்ட கையெழுத்துகள். கவர்னர் டென்னி கல்யால்யா அந்தக் கையெழுத்துகளுக்கெல்லாம் பிறகு, 2015இல்தான் நாற்காலிக்கு வந்தார். திட்டணும்னா ஆள் மாறிப் போய்த் திட்டாதீங்க.

"அப்ப எந்தச் சின்ன நாடும் வட்டியைக் குறைக்கவே கூடாதா?" இல்லை. இதே நேரத்தில் இன்னொரு சின்ன நாடு இதே மாதிரி அடி வாங்கியது. நியூசிலாந்து. அவர்களுக்குச் செம்புக்குப் பதில் பால் பவுடர். 2014 தொடக்கத்தில் டன்னுக்கு 5,000 டாலர் போன முழுக்கொழுப்புப் பால் பவுடர் 2015 ஆகஸ்டில் ஏலத்தில் 1,600க்கு வந்தது. செம்பைவிட மோசமான வீழ்ச்சி. அவர்கள் நாணயமும் 2014 ஜூலையில் 88 அமெரிக்க சென்ட்டிலிருந்து 2015 செப்டம்பரில் 63க்கு இறங்கியது. மத்திய வங்கி என்ன செய்தது? 2015 ஜூனிலிருந்து டிசம்பருக்குள் வட்டியை நாலு தடவை குறைத்தது, 3.5இலிருந்து 2.5க்கு. ஒன்றும் வெடிக்கவில்லை. நாணயம் கால்பங்குக்கு மேல் விழுந்த பிறகும் 2015 செப்டம்பர் காலாண்டில் ஆண்டுப் பணவீக்கம் 0.4 சதவீதம்தான்!

நண்பர் இதைத்தான் ஆதாரமாகக் காட்டுவார் என்று தெரியும், அதனால்தான் நானே சொல்கிறேன். நியூசிலாந்துக் கவர்னருக்குத் தைரியம் அதிகம் என்பதா இதற்குக் காரணம்? அந்த நாட்டு அரசாங்கம் கடனைச் சொந்த நாணயத்தில் வாங்கியிருந்தது. அவர்கள் வங்கிகள் வெளிநாட்டில் வாங்கிய கடனுக்கு நாணய மாற்று ஒப்பந்தம் போட்டுத் தங்களைக் காத்துக்கொண்டிருந்தன. ஆக்லாந்துக்காரர் கிவி டாலர் விழுந்தால் அமெரிக்க டாலர் வாங்க வரிசையில் நிற்பதில்லை, கால் நூற்றாண்டாகப் பணவீக்கம் பெரும்பாலும் அடக்கமாகவே இருந்து பழகிவிட்டார். குடும்பச் செலவில் பெரும்பகுதி வாடகை, சேவை, உள்ளூர்ச் சரக்கு. நாணயச் சரிவு மளிகைக் கடைக்கு வந்துசேர்வதற்குள் தேய்ந்துபோய்விடுகிறது. அங்கே நாணயச் சரிவு உண்மையாகவே அதிர்ச்சியைத் தாங்கும் வில் மாதிரி வேலை செய்தது. பால் பண்ணைக்காரருக்குக் கிவி டாலரில் வருமானம் அவ்வளவு விழவில்லை, கூடவே வட்டியும் இறங்கியது. அதே வில் லுசாகாவில் குத்தியது.

சரி, சாம்பியா எப்போதுதான் வட்டியைக் குறைத்தது? 2017 பிப்ரவரியில், 15.5இலிருந்து 14க்கு. பதினைந்து மாதம் காத்திருந்தார்கள், நடுவில் 2016 ஆகஸ்டில் ஒரு தேர்தலும் வந்து போனது. அந்தப் பதினைந்து மாதத்தில் என்ன மாறியது என்று பார்த்தால், குறைக்க இடம் எப்போது வருகிறது என்பது தெரியும். டாலர் 10 குவாச்சாவை ஒட்டி மாதக்கணக்கில் அசையாமல் நின்றது. செம்பு விலை 2016 கடைசியில் ஏற ஆரம்பித்தது. பணவீக்கம் 2016 செப்டம்பரில் 18.9 இருந்தது, அக்டோபரில் 12.5, நவம்பரில் 8.8, டிசம்பரில் 7.5. இந்தச் சரிவைப் பார்த்து விலை இறங்கிவிட்டது என்று யாரும் ஏமாறக்கூடாது. 2015 அக்டோபரிலும் நவம்பரிலும் ஏறிய பெரிய படி ஆண்டுக் கணக்கிலிருந்து வெளியே போய்விட்டது, அவ்வளவுதான். ஏறிய விலை ஏறியபடியே நின்றது. ஆனால் அது இரண்டாவது படியாக, மூன்றாவது படியாகத் தொடரவில்லை என்பதுதான் செய்தி. கூலி, வாடகை, பஸ் கட்டணம் எல்லாம் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஏறும் நிலை வரவில்லை. அது உறுதியான பிறகு குறைப்பு தொடர்ந்தது, 2017 முடிவதற்குள் 10.25க்கு வந்தார்கள். தைரியசாலிகளாக மாறியதால் இல்லை. இடம் கிடைத்ததால்.

கடன் பழக்கம் மட்டும் மாறவில்லை. குவாச்சா அடங்கிய தைரியத்தில் அரசாங்கம் மறுபடியும் டாலரில் வாங்கியது, இந்தத் தடவை சீன வங்கிகளிடம் நிறைய. 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் கட்டவேண்டிய ஒரு தவணையைக் கட்ட முடியாமல் சாம்பியா கடன் தவறியது. மேலே நான் கூட்டிய அந்த மூன்று பத்திரத்தில் நடுவில் இருக்கிறதே, 2014இல் 8.5 சதவீதத்துக்கு வாங்கிய 100 கோடி, அதன் அரை வருஷ வட்டிதான் அந்த 4.25 கோடி.

நண்பருக்கு ஒரே ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன். 2015 நவம்பர் 3, நீங்கள்தான் லுசாகாவில் அந்த நாற்காலியில் இருக்கிறீர்கள். போன மாதப் பணவீக்கம் 14.3, டாலர் 12ஐத் தாண்டிவிட்டது, வட்டி 12.5. "குறை" என்று எழுதுவது சுலபம். எவ்வளவுக்குக் குறைப்பீர்கள், மறுநாள் காலை டாலர் எத்தனை குவாச்சாவில் திறக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? இரண்டு எண் போதும். பின்னூட்டப் பெட்டி திறந்துதான் இருக்கு, அனானியா வந்தாலும் பரவாயில்லை.